மேல் எல்லையில் மாறி வரும் தொகையை வகையிடுதல்: தேர்வுக்குப் படித்த அனுபவம்

நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றத்தைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அதன் இரண்டாம் பகுதியை நன்றாகப் பழகிவிட்டு, முதல் பகுதியை ஒரு வரியில் மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுகிறார்கள். நான் வரிசையை மாற்றிப் படித்தேன். முதல் பகுதி சரியாகப் புரிந்தால் இரண்டாம் பகுதி அதிலிருந்தே கிடைத்துவிடும் என்பது இன்றும் என் கருத்து.

இங்கே ∫[a, x] f(t) dt என்று எழுதும்போது a கீழ் எல்லை, x மேல் எல்லை. f தொடர்ச்சியான சார்பாக இருந்தால், A(x) = ∫[a, x] f(t) dt என்னும் சார்பின் வகைக்கெழு A′(x) = f(x) என்பதே முதல் பகுதி. மேல் எல்லை x-இலிருந்து x + h-க்கு நகரும்போது தொகையில் புதிதாகச் சேர்வது, h அகலமும் ஏறத்தாழ f(x) உயரமும் கொண்ட ஒரு மெல்லிய பட்டை மட்டுமே. அதன் பரப்பை h-ஆல் வகுத்து, h-ஐப் பூச்சியத்தை நோக்கிச் சிறிதாக்கினால் f(x) மிஞ்சுகிறது. பட்டையின் உயரம் f(x)-ஐ நெருங்கும் என்று உறுதியாகச் சொல்வதற்குத்தான் தொடர்ச்சி தேவைப்படுகிறது. கீழ் எல்லையான a விடையில் எங்கும் வராததன் காரணமும் இதே படத்தில் தெரிகிறது: அந்த முனை நகரவே இல்லை.

தேர்வில் வரும் கணக்குகளில் மேல் எல்லை பெரும்பாலும் வெறும் x ஆக இருக்காது. G(x) = ∫[1, x²] √(1 + t³) dt என்பதை எடுத்துக்கொள்வோம். இந்தத் தொகையை வழக்கமான சார்புகளைக் கொண்டு எழுத முடியாது. ஆகவே முதலில் தொகையிட்டுப் பிறகு வகையிடலாம் என்று முயன்றால் நேரம்தான் வீணாகும். u = x² என்று வைத்தால், u-ஐப் பொறுத்த வகைக்கெழு √(1 + u³). சங்கிலி விதிப்படி அதை du/dx = 2x என்பதால் பெருக்க, G′(x) = 2x √(1 + x⁶) என்று கிடைக்கிறது.

அந்த 2x-ஐ விட்டுவிடுவதுதான் மதிப்பெண் போகும் இடம். அது ஏன் வருகிறது என்பதை எண்களில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. x = 1 என்பதில் G-இன் மதிப்பு 0. x 1.01 ஆகும்போது மேல் எல்லை 1.0201 ஆகிறது, அதாவது x 0.01 நகர்ந்தால் எல்லை அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நகர்கிறது. அந்தச் சிறு இடைவெளியில் உயரம் சுமார் 1.425 என்பதால், சேரும் பரப்பு ஏறத்தாழ 0.0286. இதை 0.01-ஆல் வகுத்தால் 2.86. சூத்திரம் தரும் G′(1) = 2√2 ≈ 2.83 இதற்கு மிக அருகில் உள்ளது. 2x-ஐ விட்டுவிட்டால் வரும் 1.41 பாதியளவில் நின்றுவிடுகிறது. கீழ் எல்லையிலும் மாறி இருந்தால், ஒரு மாறிலியில் தொகையை இரண்டாகப் பிரித்து, கீழ் எல்லைக்குரிய உறுப்பைக் கழிக்க வேண்டும். வேறு புதுமை ஒன்றும் இல்லை.

தொகையிடப்படும் சார்புக்குள்ளேயே x இருக்கும் கணக்கில்தான் கூடுதல் கவனம் வேண்டும். H(x) = ∫[0, x] (x − t) cos t dt என்று கொடுத்தால், t-க்குப் பதில் x-ஐ இட்டு H′(x) = 0 என்று எழுதிவிடத் தோன்றும். முதல் பகுதி இங்கே நேரடியாகப் பொருந்தாது, ஏனெனில் x மாறும்போது மேல் எல்லையோடு சார்பின் உயரமும் மாறுகிறது. தொகையிடும்போது x ஒரு மாறிலி என்பதால் அதை வெளியே எடுத்து, H(x) = x ∫[0, x] cos t dt − ∫[0, x] t cos t dt என்று எழுதலாம். முதல் உறுப்பைப் பெருக்கல் விதிப்படி வகையிட்டால் sin x + x cos x. இரண்டாவது x cos x-ஐக் கழிக்கிறது. எனவே H′(x) = sin x. H(0) = 0 என்பதால் H(x) = 1 − cos x என்பதும் உடன் கிடைக்கிறது.

இப்படிக் கிடைத்ததே இரண்டாம் பகுதியின் சாரம். F′ = f என்று அமையும் ஏதாவது ஒரு F-ஐ எடுத்தால், F-க்கும் A-க்கும் ஒரே வகைக்கெழு இருப்பதால் அவற்றின் வேறுபாடு ஒரு மாறிலி. A(a) = 0 என்பதால் அந்த மாறிலி F(a). ஆகவே ∫[a, b] f(t) dt = F(b) − F(a).

இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தும் முன் இடைவெளி முழுவதிலும் f தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பதை நான் ஒரு வழக்கமாகவே வைத்திருந்தேன். ∫[−1, 1] (1/t²) dt என்பதில் F(t) = −1/t என்று எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு எல்லைகளை இட்டால் −2 வருகிறது. எங்கும் மிகை மதிப்பே உள்ள சார்புக்குக் குறை மதிப்பில் தொகை வர வழியில்லை. t = 0 என்பதில் சார்பு வரையறுக்கப்படவில்லை; அதன் அருகே சார்பின் கீழுள்ள பரப்பு வரம்பின்றி உயர்வதால் இந்தத் தொகைக்கு முடிவுறு மதிப்பே கிடையாது.