குளிர்த்திக்கு வாங்க: ஊருக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

போன வருசத்திலிருந்து நம்ம ஊருக்கு ஏழெட்டுக் குடும்பங்கள் புதிதாக வந்திருக்கிறீங்க. சிலர் படிப்பிக்க வந்தவங்க, சிலர் காணி வாங்கி வீடு கட்டினவங்க, இரண்டு பேர் என்னைப்போல இந்த ஊரில் பெண் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையாக வந்து குந்தினவங்க. எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அம்மன் கோயில் எப்பவும் பூட்டியே கிடக்கே, எப்ப கும்பிடப் போறது?" அதற்குத்தான் இதை எழுதுகிறேன். நானும் பதினாலு வருசத்துக்கு முன் திருகோணமலையிலிருந்து வந்தவன், அதனால் புதிதாக வருகிறவருக்கு எங்கே கால் இடறும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நம்ம கோயில் கண்ணகி அம்மன் கோயில். பிள்ளையார் கோயில்போல நித்திய பூசை கிடையாது. வருசத்தில் ஒரு முறை, வைகாசியில் கதவு திறக்கும். ஏழு நாள் சடங்கு நடக்கும், கடைசி இரவு அம்மனின் கோபத்தைக் குளிரவைக்கிற குளிர்த்தி பாடி முடிந்ததும் மறுபடி மூடினால் அடுத்த வைகாசிதான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கண்ணகி கோயில்கள் பலவற்றில் இதுதான் முறை, ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். செட்டிபாளையத்திலோ தம்பிலுவிலிலோ காரைதீவிலோ பார்த்ததை வைத்து இங்கே "அங்க இப்படித்தானே செய்வாங்க" என்று கேட்காதீங்க, பெரியவங்க அதை விரும்பமாட்டாங்க.

முதலில் நாள் கணக்கு, ஏனென்றால் இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுவது. வைகாசிப் பூரணையை ஒட்டி வருகிற திங்கட்கிழமை இரவு குளிர்த்தி. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை கதவு திறப்பு. கேட்க லேசாக இருக்கிறது, ஆனால் 2025இல் என்ன நடந்தது தெரியுமா? புதிதாக வந்த ஒரு ஆசிரியர் குடும்பம் கலண்டரில் வெசாக்கைப் பார்த்து, அதுதானே வைகாசிப் பூரணை என்று நினைத்து, ஊரிலிருந்து தாய் தகப்பனையும் கூப்பிட்டுவிட்டது. அந்த வருசம் வெசாக் மே 12. ஆனால் தமிழ்க் கணக்கில் அன்றைக்குச் சித்திரை மாதமே முடியவில்லை. வைகாசிப் பூரணை ஜூன் 10, செவ்வாய்க்கிழமை, சிங்களவர் பொசன் கொண்டாடுகிற நாள். அதற்கு முந்தின நாள் திங்கள், ஜூன் 9, குளிர்த்தி. பாவம், வந்த கிழவர் பூட்டின கதவுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போனார். ஆகவே லீவு எழுதமுதல் பஞ்சாங்கத்தில் இரண்டு விசயம் பாருங்க: வைகாசி எப்போது பிறக்கிறது, அதற்குப் பிறகு வருகிற பூரணை எது. பூரணை மாதக் கடைசியிலோ தொடக்கத்திலோ விழுந்தால் வண்ணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.

வண்ணக்கர் என்பவர் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிறவர். பூசை செய்பவர் கட்டாடியார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவங்களுக்கு அந்தச் சொல் வேறு தொழிலாளரைக் குறிக்கும், அதனால் திகைக்காதீங்க, இங்கே அது மரியாதையான பூசகர் பெயர். சில கோயில்களில் கப்புகனார் என்பார்கள். "ஐயர் எப்ப வருவார்" என்று நான் முதல் வருசம் கேட்டு, என் மாமி என்னைத் திரும்பிக் கிறுகிப் பார்த்த பார்வை இன்றைக்கும் ஞாபகம்.

கதவு திறக்கிற நாள் பொழுது பட்டபின் மெதுவாகத்தான் நடக்கும். கட்டாடியார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போவார், வெளியே பறை முழங்கும், பெண்கள் குரவை போடுவார்கள். ஒரு வருசமாக அடைபட்டிருந்த உள்வீட்டுக் காற்று வெளியே வரும்போது பழைய சாம்பிராணியும் காய்ந்த வேப்பிலையும் கலந்த ஒரு மணம் வரும் பாருங்க, அதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. அந்த நேரம் போனைத் தூக்கி வீடியோ எடுக்காதீங்க. வெளி வீதியில் எடுக்கலாம், பந்தலுக்குள் வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்த நாட்களில் பகல் பூசை பன்னிரண்டு மணியளவில், இரவுப் பூசை ஒன்பதுக்கு மேல். நேரம் அரை மணி முன்பின் போகும், யாரும் மணிக்கூடு பார்ப்பதில்லை. இரண்டு பூசைக்கும் நடுவில்தான் இந்தச் சடங்கின் உயிர் இருக்கிறது என்பேன், அதுதான் வழக்குரை பாடுவது. சிலப்பதிகாரம் படித்தவங்களுக்குக் கதை தெரியும், ஆனால் இங்கே பாடுகிற கண்ணகி வழக்குரையில் கதை வேறு மாதிரித் தொடங்கும்: பாண்டியன் தோட்டத்து மாங்கனியில் அம்மன் பிறப்பாள், பேழையில் வைத்துக் கடலில் விடுவார்கள். பிறகு கலியாணம், மாதவி, வழிநடை, அடைக்கலம், கொலைக்களம், வழக்குரைத்தல் என்று நாள் நாளாகப் போகும். பாடுகிறவர் ஏட்டில் இருந்ததைப் பெயர்த்தெழுதிய கொப்பியை வைத்துக்கொண்டு உடுக்கோடு பாடுவார். கலியாணக் காதை பாடுகிற நாளில் கலியாணக்கால் நடுவார்கள், நிசக் கலியாண வீடு மாதிரிச் சிரிப்பும் பகிடியுமாக இருக்கும். கொலைக்களம் பாடுகிற இரவு அதே பந்தலில் ஒரு சத்தம் இருக்காது. பாதியில் எழும்பிப் போகவேண்டாம் என்று சொல்வது அதனால்தான். பிள்ளை அழுதால் சரி, கூட்டிக்கொண்டு போங்க, அதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். நித்திரை வருகிறவங்க முதலே ஓரமாக இருந்துகொள்ளுங்க.

இனித் துடக்கு. இதைப் பேசப் புது ஆட்கள் கூச்சப்படுகிறீங்க, ஆனால் கேட்காமல் விட்டால்தான் சங்கடம். மரண வீடு, பிள்ளை பிறந்த வீடு இரண்டுக்கும் 31 நாள் கணக்கு. அந்தக் குடும்பத்தவர் கோயில் எல்லைக்குள் வருவதில்லை. மாதத் துடக்கும் அப்படியே. என் கதை சொல்கிறேன். நான் வந்து இரண்டாம் வருசம், திருகோணமலையில் என் பெரியம்மா செத்து இருபத்துமூன்று நாள். அது அங்கே நடந்த சாவு, இங்கே யாருக்குத் தெரியும் என்று குளிர்த்தி இரவு வெள்ளை வேட்டியோடு போனேன். வாசலில் என் மனைவியின் பாட்டி, பெத்தா, இருந்தா. "மனே, உன்ர தாயும் அவவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே, குடி ஒண்டுதானே, போய் அந்த வேம்படியில நில்லு" என்றா, கோபமில்லாமல், தண்ணீர் குடிக்கச் சொல்கிற மாதிரி. விடியும்வரை வேலிக்கு வெளியே நின்றுதான் குளிர்த்திப் பாட்டுக் கேட்டேன். என்னோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே நின்றார்கள். அதுவும் ஒரு இடம்தான், அங்கே நின்றால் யாரும் கீழாகப் பார்ப்பதில்லை. குளிர்த்தித் தண்ணீரை வேலிக்கு மேலால் எங்களுக்கும் தெளித்தார்கள்.

பெத்தா சொன்ன அந்தக் குடி என்பதுதான் இங்கே வெளியூரவருக்கு விளங்காத விசயம். இங்கே குடி என்கிற வம்சம் தாய்வழி. என் பிள்ளைகள் என் குடி இல்லை, மனைவியின் குடி. சடங்கு நாட்கள் குடிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு நாள் பூசைச் செலவும் மரியாதையும் அந்தந்தக் குடிக்கு. காளாஞ்சி கொடுக்கும்போது குடிப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வேறு மாவட்டத்திலிருந்து வந்த உங்களுக்குக் குடி இல்லாமல் இருக்கலாம், அதனால் பங்கு இல்லை என்று நினைக்கவேண்டாம். வீட்டுக்கு ஒரு வரி என்று வண்ணக்கர் ஆள் கொப்பியோடு வருவார், அதில் உங்கள் பெயரைப் பதிந்தால் நீங்களும் கோயில் வீட்டுக்காரர்தான். ஒரு குடியின் நாளை நாங்கள் எடுக்கிறோம் என்று மட்டும் கேட்காதீங்க. காசு எவ்வளவு தந்தாலும் அது நடக்காது, கேட்டவருக்கும் மனவருத்தம். உண்மையைச் சொன்னால் இந்த முறை கொஞ்சம் இளகினால் நல்லது என்பது என் எண்ணம், ஆனால் அது நான் ஒருவன் முடிவு செய்கிற விசயமில்லை.

அப்போ நீங்கள் என்ன செய்யலாம்? மடை கொண்டுவரலாம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், இளநீர், கமுகம்பாளை, பூ, கற்பூரம், பச்சையரிசி. மடைப்பெட்டியில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடித் தலையில் அல்லது தோளில் கொண்டுவரவேண்டும், சொப்பிங் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வரக்கூடாது. பெட்டி இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது, வாங்கிப் போகலாம். பெண்கள் நெல்குத்துகிற நாளில் வாங்க: உரலைச் சுற்றி நின்று உலக்கை மாற்றி மாற்றிப் போட்டுக் குத்துவார்கள், அந்த அரிசிதான் விநாயகப் பானைக்குப் போகும். முதல் உலக்கை போடுவதற்கு உரிமைக்காரர் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு யாரும் குத்தலாம். குத்தும்போது அரிசி உடைந்தால் பகிடி பண்ணுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்க. ஆண்களுக்கு வேலை பந்தலில் கிடக்கிறது, வெள்ளைத் துணி கட்ட, தோரணம் கட்ட, தண்ணீர் அள்ள. கதவு திறந்த நாளிலிருந்து ஊரில் யாரும் மீன் இறைச்சி சமைப்பதில்லை, மணம் அடுத்த வளவுக்குப் போகும் என்பதால் இதை ஒளித்துச் செய்யவும் முடியாது.

திங்கட்கிழமைக்கு வருவோம். அதிகாலையில் பொங்கல், நேர்த்தி வைத்தவர்கள் வீதியில் வரிசையாக அடுப்பு மூட்டுவார்கள். இடம் பிடிக்க ஞாயிறு இரவே மூன்று கல் வைத்துவிட்டுப் போவது வழக்கம், அந்தக் கல்லை யாரும் நகர்த்தக்கூடாது. கச்சான் காற்று அடிக்கிற காலம், அடுப்பின் மேற்குப் பக்கம் ஒரு கிடுகை மறைப்பாக வையுங்க, இல்லையென்றால் பால் பொங்குமுதல் விறகு எரிந்து முடிந்துவிடும்.

இரவு நடுச்சாமத்துக்குப் பிறகு குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டுக் கோபம் தணியாமல் வந்த அம்மனை இடைச்சேரிப் பெண்கள் வெண்ணெய் பூசிக் குளிரவைத்த கதை அது. புதுப்பானையில் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. கட்டாடியார் பாட்டின் அடிக்கேற்ப அந்தத் தண்ணீரை வேப்பங்கொத்தால் அள்ளித் தெளித்துக்கொண்டே இருப்பார். மே, ஜூன் வெக்கையில், ஆறு நாள் நித்திரை முழித்த உடம்பில் அந்தத் துளி விழும்போது குளிர்த்தி என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

முடிந்ததும் அந்தத் தண்ணீருக்கு நெரிசல் வரும். ஆளுக்கு ஒரு சின்னப் போத்தல் போதும், ஐந்து லீற்றர் கலனோடு வந்து ஏச்சு வாங்கவேண்டாம். வீட்டு நாலு மூலைக்கும், வயல் இருந்தால் வாய்க்கால் தலைப்பிலும் தெளிப்பார்கள். விடியக் கதவு மூடுமுன் ஒரு தரம் எட்டிப் பாருங்க, விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.