மணமா, மனமா? 14 அடி தூரத்திலிருந்து சப்டைட்டில் படித்த கதை

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. மாவட்டம் பாலக்காடு, வீட்டுக்குள் பேச்சு தமிழ், தெருவில் இரண்டும். அம்மா தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மலையாளம் காதால் பழகிய மொழி, எழுத்து தெரியாது. எழுபது தாண்டியதும் காது மந்தமாகிவிட்டது. மலையாளப் படம் ஓடினால் முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் தமிழ் சப்டைட்டில் கிடைக்கும் படமாகத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டேன்.

பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எழுத்து வருகிறது, போகிறது. என்ன எழுத்து என்றுதான் தெரியவில்லை, கண்ணு."

கூடம் பழைய வீட்டுக்கூடம், நீளம் அதிகம். டிவி 43 அங்குலம். அம்மாவின் திவான் எதிர்ச்சுவரை ஒட்டி 14 அடியில். நான் கண்ணாடிக் கடைக்குப் போவதா, பெரிய டிவி வாங்குவதா என்று யோசித்தேன். முதலில் இருப்பதைச் சரிசெய்து பார்ப்போம் என்று ரிமோட்டை எடுத்தேன்.

இரண்டு மாலைகள் வீணாயின. ஆண்ட்ராய்டு டிவியில் Settings, அதற்குள் Accessibility, அதற்குள் Captions என்று போனால் எழுத்தின் அளவு, நிறம், பின்னணி எல்லாம் இருக்கிறது. (சில டிவிகளில் நடுவில் Device Preferences அல்லது System என்று இன்னொரு படி இருக்கும்.) அளவை ஏற்றினேன், மாதிரி வரி பெரிதாகத் தெரிந்தது. படத்துக்குத் திரும்பினால் அதே பொடி எழுத்து. மறுபடி போய் ஏற்றினேன். மறுபடி அதே.

காரணம் மூன்றாம் நாள்தான் உறைத்தது. நான் படத்தைச் செட்டாப் பாக்ஸில் போட்டிருந்தேன். பாக்ஸ், படத்தின் மேல் எழுத்தை வரைந்து முடித்து, ஒரே காட்சியாக எச்டிஎம்ஐ கம்பி வழியே அனுப்பிவிடுகிறது. டிவிக்கு அது எழுத்து என்றே தெரியாது. நாயகனின் மீசையும் சப்டைட்டிலும் அதற்கு ஒன்றுதான். எழுத்தை யார் வரைகிறாரோ அவரிடம்தான் அமைப்பும் இருக்கும். பாக்ஸ் வரைந்தால் பாக்ஸின் மெனு, டிவிக்குள் இருக்கும் செயலி வரைந்தால் டிவியின் Captions அல்லது அந்தச் செயலியின் சொந்த மெனு. யூடியூபுக்குச் சொந்த மெனு உண்டு. நெட்ஃபிளிக்ஸில் எழுத்தின் தோற்றம் சுயவிவரத்துக்குச் சுயவிவரம் தனி. அம்மாவுக்கென்று ஒரு சுயவிவரம் வைத்து, கணக்குப் பக்கத்தில் Subtitle appearance என்ற இடத்தில் மாற்றிவிட்டால் பேரப்பிள்ளைகளின் படத்தில் அது தலையிடாது. படத்தோடு சேர்த்தே பதிக்கப்பட்ட எழுத்தை மட்டும் எவராலும் மாற்ற முடியாது. டிவிடி சப்டைட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். அது எழுத்தாக இல்லாமல் சிறுசிறு படங்களாக வருகிறது.

பாக்ஸை விட்டுவிட்டு டிவிக்குள் இருக்கும் செயலிக்கு மாறினேன். இப்போது மெனு சொன்னபடி கேட்டது. ஆனால் எவ்வளவு பெரிதாக்குவது?

படத்தை நிறுத்தி, பள்ளிக்கூட அளவுகோலைத் திரையில் வைத்து 'ம' எழுத்தின் உயரத்தை அளந்தேன். Normal அளவில் 1.1 செ.மீ. பழுதில்லாத கண், அதாவது 6/6 பார்வை, 14 அடியில் அடையாளம் காணக்கூடிய மிகச் சிறிய எழுத்து சுமார் 6 மில்லிமீட்டர். அம்மாவுக்குக் கண்ணாடி போட்டு 6/9. அந்தக் கணக்குப்படி 9 மில்லிமீட்டர் அவருடைய கடைசி எல்லை. 11 மில்லிமீட்டர் எழுத்து எல்லைக்கு மேலே ஒரு மயிரிழைதான். 'வருகிறது, போகிறது' என்று அவர் சொன்னது இதைத்தான். கண் மருத்துவர் காட்டும் பலகையில் ஓர் எழுத்தை நிதானமாகக் கண்டுபிடிப்பது வேறு, மூன்று நொடியில் மறையும் இரண்டு வரியைப் படிப்பது வேறு. எல்லையைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் 2 செ.மீட்டர்.

Large என்பது ஒன்றரை மடங்கு, Very large இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு போட்டால் 2.2 செ.மீ. கிடைக்கிறது. கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். படம் ஓடியதும் தமிழ் தன் நீளத்தைக் காட்டியது. 'பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்' போன்ற ஒரு சொல்லே பாதி வரியை எடுத்துக்கொள்கிறது. இரண்டு வரி மூன்றாகவும் நான்காகவும் மடங்கி நடிகர்களின் தாடை வரை ஏறியது. அம்மாவுக்கு முகம் வேண்டும். உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறார்.

Large அளவுக்கு இறங்கி வந்தேன்: 1.65 செ.மீ. மீதியை இருக்கையிடம் கேட்டேன். திவான் நகராது. மின்விசிறிக்குக் கீழே 11 அடியில் சாய்வு நாற்காலியைப் போட்டேன். 11 அடியில் 1.65 என்பது 14 அடியில் 2.1 செ.மீட்டருக்குச் சமம். முதுகுக்குச் சுவர் இல்லை என்று ஒரு நாள் முனகினார். காற்று நேராக வருகிறது என்று மறுநாள் உட்கார்ந்துவிட்டார்.

அளவு சரியானதும் நிறத்தின் குறை பளிச்சென்று தெரிந்தது. கேரளப் படத்தில் வெள்ளை வேட்டி இல்லாத காட்சியைத் தேட வேண்டும். வெள்ளை எழுத்து வேட்டியின் மேல் வந்து நின்றால் கரைந்துவிடுகிறது. இதைப் படம் பார்த்தபடி சோதித்தால் நாள் போதாது. எனவே ஒரு சோதனைத்தாள் தயாரித்தேன். கொடியில் வேட்டிகள் காற்றில் ஆடுவதைக் கைபேசியில் ஒரு நிமிடம் படமெடுத்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, ஆட்டத்துக்குக் குறைவில்லை. கூடவே எழுத்துக் கோப்பு ஒன்று:

```
1
00:00:01,000 --> 00:00:07,000
மணம் வேறு, மனம் வேறு

2
00:00:09,000 --> 00:00:15,000
கண் கன்னம் பல் பல
```

கோப்பை UTF-8 ஆகச் சேமிக்க வேண்டும், வீடியோவின் பெயரையே வைத்து .srt என்று முடிக்க வேண்டும். பென்டிரைவில் போட்டு, டிவியில் கோடி என்ற செயலியில் ஓட்டினேன். அதுவும் தன் எழுத்தைத் தானே வரைகிறது என்பதால், சப்டைட்டில் அமைப்புகள் அதன் Settings, Player பகுதியில் இருக்கின்றன. தமிழுக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள்; நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, "தெரிவதை மட்டும் வாசியுங்கள், ஊகிக்க வேண்டாம்" என்றேன். வெறும் வெள்ளை எழுத்து: ஒன்றும் வாசிக்கவில்லை. வெள்ளைக்குக் கறுப்பு விளிம்பு போட்டேன். எல்லாரும் பரிந்துரைக்கும் வழி இதுதான்.

"மனம் வேறு, மனம் வேறு" என்று வாசித்தார்.

திரைக்கு அருகில் போய்ப் பார்த்தேன். 'ண' எழுத்துக்கு மூன்று சுழி, 'ன' எழுத்துக்கு இரண்டு. தடித்த கறுப்பு விளிம்பு சுழிகளுக்கு உள்ளேயும் புகுந்து ஓட்டைகளை அடைத்திருந்தது. புள்ளியும் அப்படித்தான். 'ல்' மேல் இருந்த புள்ளி விளிம்பில் முழுகி, 'பல்', 'பல' இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆங்கில எழுத்துக்கு விளிம்பு உதவலாம். சுழியும் புள்ளியும் உயிராக இருக்கும் நம் எழுத்துக்கு அது பாதி எதிரி. விளிம்பை எடுத்துவிட்டு எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பெட்டி வைத்தேன். நிறத்தை மஞ்சளாக்கினேன்.

"மணம் வேறு, மனம் வேறு. கண், கன்னம், பல், பல. இதை எதற்கு என்னிடம் கேட்கிறாய்?"

பெட்டியின் அடர்த்தியைப் பொறுத்தும் வேறுபாடு இருந்தது. 50 சதவீதத்தில் வேட்டியின் ஆட்டம் எழுத்துக்குப் பின்னால் தெரிந்து கண்ணை இழுத்தது. 100 வைத்தால் தார் பூசியதுபோல் இருந்தது. 75 பொருத்தமாக அமைந்தது. இதே கலவையை டிவியின் Captions மெனுவில் Custom என்பதற்குள் போட்டேன்: மஞ்சள், விளிம்பு இல்லை, Background கறுப்பு, 75. அதற்குக் கீழே Window என்று இன்னொன்று இருக்கிறது; அது எழுத்தைச் சுற்றி வேறொரு பெரிய பலகை. இரண்டையும் கறுப்பாக்கினால் பலகைக்குள் பலகை வரும். Window வேண்டாம் என்று அணைத்துவிட்டேன். எழுத்துருவை மாற்றும் இடமும் அங்கே உண்டு. என் டிவியில் அது ஆங்கில எழுத்தை மட்டும் மாற்றியது, தமிழ் அசையவில்லை.

கடைசியாக இடம். எல்லாம் முடிந்த பிறகும் அம்மா அவ்வப்போது கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். அவர் நாற்காலியில் சாய்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: கீழ்வரியின் பாதியை சவுண்ட்பார் மறைக்கிறது. நான் நின்றுகொண்டே ரிமோட்டை அழுத்தியதால் எனக்குத் தெரியவில்லை. சாய்வு நாற்காலியின் உயரத்திலிருந்து பார்த்தால் டிவிக்கு முன்னால் நிற்கும் அந்தக் கறுப்புக் கட்டை கீழ்விளிம்பை விழுங்குகிறது. அம்மாவுக்குக் காது கேட்கவேண்டும் என்று நான் வாங்கிய சவுண்ட்பார்தான் அது. கீழ்த்தட்டுக்கு இறக்கினேன்.

டிவியின் Captions மெனுவில் எழுத்தை மேலே ஏற்ற வழி இல்லை. செயலி வைத்த இடம்தான். கோடியில் உண்டு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும் அகலத்திரைப் படங்களுக்கு Position on screen என்பதை Below video என்று வைத்தேன். 43 அங்குலத் திரையில் அந்தப் பட்டை ஏறக்குறைய 7 செ.மீ. ஒற்றை வரி அதற்குள் அடங்கிவிடுகிறது, முகத்தைத் தொடுவதே இல்லை. இரண்டு வரி வந்தால் மேல்வரி படத்துக்குள் ஏறும். அதற்குப் பெட்டி இருக்கிறது.

உள்ளூர் கேபிள் சேனலுக்கு மட்டும் இந்த வைத்தியம் எதுவும் செல்லாது. அங்கே போடும் படங்களில் சப்டைட்டிலும் இல்லை, அடியில் ஓடும் விளம்பர வரியை நிறுத்தவும் முடியாது. அந்த வரியை அம்மா திவானில் படுத்தபடியே கண்ணாடி இல்லாமல் வாசித்து, இன்று தங்கம் என்ன விலை என்று எனக்குச் சொல்கிறார். மலையாள எழுத்து தெரியாது; எண்கள் தெரியும், எண்களை அவர்கள் அவ்வளவு பெரிதாகப் போடுகிறார்கள்.