பெக்டரியில் வேலை, கண்டியில் சம்பளம்: என் ஓவர்டைமுக்கு யார் பொறுப்பு?

கண்டியிலுள்ள எங்கள் மென்பொருள் கம்பனி போன வருடம் என்னைத் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரிக்கு செகண்ட்மெண்டில், அதாவது தன் ஊழியராகவே வைத்துக்கொண்டு தற்காலிகமாக, அனுப்பியது. கொழுந்து நிறுக்கும் தராசைச் சம்பளக் கணக்கோடு இணைக்கிற வேலை. தந்த கடிதத்தில் ஐந்தே வரி. 'வாடிக்கையாளரின் தேவை முடியும்வரை', 'தற்போதைய சம்பளமே'. யாருக்குக் கீழே வேலை என்று ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை.

பின்னேரக் கொழுந்தை நிறுத்து முடிக்க இருட்டிவிடும். அதற்குப் பிறகுதான் தராசில் பதிந்த எடையைக் கங்காணியின் கொப்பியோடு ஒத்துப் பார்க்க முடியும். ஒரு பெண் பறித்த கொழுந்து கொப்பியில் 18 கிலோ என்றும் தராசில் 16 என்றும் நின்றால், அதைத் தீர்க்காமல் எழும்ப மனம் வராது. முதல் மாதம் 26 மணித்தியாலம் கூடுதலாகப் போனது. பெக்டரி ஆபிசர் அன்றன்றே டைம்ஷீட்டில் கையெழுத்து வைத்தார்.

சம்பளச் சீட்டில் அது ஒரு சதம்கூட வரவில்லை. ஆபிசுக்குப் போன் எடுத்தேன். "தம்பி, இங்கே இருக்கிற உங்கள் சூப்பர்வைசர் முன்கூட்டியே அனுமதி தரவில்லையே" என்றார் அங்கே சம்பளம் பார்க்கிற மிஸ். பெக்டரியிடம் நாங்கள் மாதத்துக்கு ஒரே தொகைதான் வாங்குகிறோமாம், கூடுதல் மணித்தியாலத்துக்கு அங்கிருந்து காசு வராதாம். அது இரண்டு கம்பனிகளுக்கும் இடையிலான கணக்கு. என் ஓவர்டைம் அதில் தங்கியிருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

இதைக் கேள்விப்பட்ட பெக்டரி ஆபிசர், கையில் காசாகவே தருகிறேன் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் நான் வாங்கவில்லை. சீட்டில் ஏறாத காசு வாங்கினால், என் முதலாளி யார் என்பதே நாளைக்குக் குழம்பிவிடும். ஊழியர் சேமலாப நிதிக்கு என் 8 வீதத்தையும் தன் 12 வீதத்தையும் கட்டுவது கண்டிக் கம்பனிதான். அது அப்படியே இருக்க வேண்டும்.

சனிக்கிழமை கண்டிக்குப் போய் மிஸ்ஸோடும் சூப்பர்வைசர் சேரோடும் உட்கார்ந்து கடிதத்தைத் திருப்பி எழுதினோம். முடிவுத் தேதி போட்டோம். நீடிப்பதென்றால் புதுக் கடிதம், அதில் என் சம்மதமும் வேண்டும். அன்றாட வேலையைச் சொல்வது பெக்டரி ஆபிசர். லீவு, ஒழுக்க விசாரணை, வருட மதிப்பீடு மூன்றும் கண்டியில். அதிக நேரம் பிடித்தது ஓவர்டைம் வரிதான். கடைசியில், பெக்டரி ஆபிசர் கையெழுத்து வைத்த டைம்ஷீட் திங்கட்கிழமைக்குள் சேருக்குப் போக வேண்டும், இரண்டு வேலை நாளுக்குள் அவர் மறுக்காவிட்டால் ஏற்றதாகவே கணக்கு என்று எழுதினோம். தங்குமிடத்தையும் பஸ் செலவையும் கம்பனி தனியாகத் தரும், அதைச் சம்பளத்தோடு கலப்பதில்லை.

பழைய 26 மணித்தியாலமும் அடுத்த சீட்டில் ஏறியது. என் சம்பளம் 72,000 ரூபாய். மாதத்துக்கு 240 மணித்தியாலம் என்ற கணக்கில் வகுத்தால் மணிக்கு 300, ஒன்றரை மடங்கு 450. மொத்தம் 11,700.

முடிவுத் தேதி நெருங்கியபோது பெக்டரி இன்னும் இரண்டு கிழமை கேட்டது. கடிதம் வரும்வரை நான் பஸ் ஏறவில்லை. வியாழக்கிழமை வந்தது, வெள்ளிக்கிழமை காலை போனேன்.