கன்னியாகுமரியா, முட்டமா?

மே 8, வியாழன்

அண்ணன் சென்னையிலிருந்து பேசினான். சனிக்கிழமை காலை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் நாகர்கோவிலுக்கு வருகிறார்கள். அண்ணன், மைனி, பிள்ளைகள் இரண்டு பேர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திரும்பும் ரயில். ஞாயிறு மாலை தக்கலையில் கல்யாண ரிசப்ஷன் இருப்பதால், உருப்படியாகக் கையில் இருப்பது திங்கட்கிழமை மாலை ஒன்றுதான்.

"வேற என்ன பிளான்? கன்னியாகுமரிதான். கடல்ல சூரியன் எறங்குறத இந்தப் பிள்ளைங்க பாக்கணும்" என்றான். அவன் சென்னைக்குப் போன நாளிலிருந்து இதேதான். ஊருக்கு வந்தால் அந்தக் கல்லில் போய் உட்கார்ந்து, சூரியன் முழுவதும் முங்கும் வரை எழுந்திருக்க மாட்டான். எனக்கோ இந்தத் தடவை அவர்களை வேறு எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். மாவட்டத்தில் மேற்குப் பக்கத்தையே அந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு பகவதியைப் பாத்தா போதும். சூரியன் எங்க எறங்குனா என்ன?" என்றாள். அம்மாவின் ஓட்டு கன்னியாகுமரிக்கு, ஆனால் வேறு காரணத்துக்கு.

மே 9, வெள்ளி

ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. அண்ணன் அந்த அஸ்தமனத்தைப் பார்த்ததெல்லாம் அரையாண்டு லீவிலும் பொங்கல் லீவிலும்தான். மே மாதத்தில் அவன் பார்த்ததே இல்லை. சூரியன் வருஷம் முழுவதும் ஒரே இடத்தில் இறங்குவதில்லையே!

காலையில் செல்போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மார்ச், செப்டம்பரில் சமநாள் வரும்போது சூரியன் நேர் மேற்கில் மறைகிறது. டிசம்பர் கடைசியில் அதிலிருந்து 23, 24 டிகிரி தெற்கே போய்விடும். ஜூனில் அதே அளவு வடக்கே. மே 12 வாக்கில் கணக்குப் பார்த்தால் மேற்கிலிருந்து சுமார் 18 டிகிரி வடக்கே இருக்கும்.

இனி கரையைப் பாருங்கள். கன்னியாகுமரியிலிருந்து நம்முடைய கடற்கரை நேர் மேற்காகப் போகவில்லை, கொஞ்சம் வடக்கே ஏறிக்கொண்டே போகிறது. கன்னியாகுமரி முனையிலிருந்து முட்டம் முனைக்கு ஒரு கோடு இழுத்தால், அது மேற்கிலிருந்து பத்துப் பன்னிரண்டு டிகிரி வடக்கே சாய்ந்திருக்கிறது. ஆகவே சூரியன் அந்தக் கோட்டுக்குத் தெற்கே இறங்கும் மாதங்களில் கடலில் விழும். வடக்கே போய்விட்டால் கரைக்குப் பின்னால், தென்னைக்கும் கட்டடங்களுக்கும் பின்னால் மறையும். தோராயமாக ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை இந்த நிலைமைதான். அண்ணன் தேடி வருகிற காட்சி அவன் தேடி வருகிற இடத்தில் இந்த மாதம் கிடையாது.

அதே மேப்பில் விரலை முட்டத்துக்கு நகர்த்தினேன். முட்டம் முனையைத் தாண்டியதும் கரை இன்னும் கூர்மையாக வடக்கே திரும்பிவிடுகிறது. அங்கிருந்து குளச்சலுக்கு இழுக்கும் கோடு மேற்கிலிருந்து கிட்டத்தட்ட 40 டிகிரி வடக்கே போகிறது. சூரியன் ஜூனில் எவ்வளவுதான் வடக்கே தள்ளினாலும் அந்தக் கோட்டைத் தொடாது. அதாவது முட்டத்தில் பன்னிரண்டு மாதமும் சூரியன் கடலில்தான் இறங்கும், மேகம் மறைக்காமல் இருந்தால்.

பழைய இடமா புது இடமா என்று நாங்கள் அடித்துக்கொண்டிருக்கிறோம். இங்கே பழைய காட்சி புது இடத்துக்குக் குடிபோயிருக்கிறது! (அண்ணனுக்கு முட்டம் புது இடம்தான். நாகர்கோவில்காரனாக இருந்தும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனதோடு சரி.)

திங்கட்கிழமை சித்ரா பௌர்ணமி வேறு. மேற்கே சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே முழுநிலா எழும்புவதைப் பார்க்க அன்றைக்குக் கன்னியாகுமரியில் கூட்டம் அலைமோதும். அண்ணன் இதைச் சொல்லி மடக்குவான் என்று தெரியும். பதில் தயாராக இருக்கிறது: சித்திரை வெயிலில் சூரியன் வடக்கே போனால், எதிரே வரும் முழுநிலா தெற்கே போகும். கிழக்கிலிருந்து இருபது டிகிரிக்கு மேல் தெற்கே எழும்பும். முட்டத்திலிருந்து பார்த்தால் கன்னியாகுமரிக் கரை அவ்வளவு தெற்கே வராது. ஆகவே நிலாவும் கடல் மேல்தான்.

மே 10, சனி

ரயில் நேரத்துக்கு வந்தது. சாயாவும் பழம்பொரியும் முடிந்ததும் அண்ணனிடம் மேப்பைக் காட்டினேன். "கணக்கு வாத்திச்சி ஆகிட்டியோ?" என்றான். ஆனால் விரலால் கோட்டை இரண்டு தடவை தடவிப் பார்த்தான். திங்கள் மாலை முட்டம், ஞாயிறு காலை அம்மாவுக்காகக் கன்னியாகுமரி என்று முடிவானது.

மத்தியானத்துக்கு மேல் மாத்தூர் தொட்டிப்பாலம் போனோம். 1960களில் பறளியாற்றின் குறுக்கே, இரண்டு மலைச்சரிவுகளை இணைத்துப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகக் கட்டியது. 115 அடி உயரம். அம்மாவால் மலை ஏற முடியாது என்பதால் சிதறால் சமணர் மலையை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தேன். மேலே நடைபாதை சமதளம், மூட்டுவலிக்காரர்களுக்குப் படி இல்லை, கீழே ஆற்றுக்கு இறங்கினால்தான் படிகள்.

ஆனால் தொட்டி காலி. வானத்தில் ஓடும் வாய்க்கால் என்று நம்பி வந்த சின்னவன் எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, தண்ணி எங்க?" என்றான். இங்கே அணைகளைப் பாசனத்துக்கு ஜூன் முதல் தேதி வாக்கில் திறந்து பிப்ரவரி கடைசியில் மூடுவார்கள். மே மாதம் வாய்க்கால்கள் காய்ந்துதான் கிடக்கும். பெரியவளுக்கு மட்டும் பிடித்திருந்தது, தூண்களின் நிழல் கீழே தோப்பில் விழுவதைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை பகலில் பத்மநாபபுரம் அரண்மனை போகலாமா என்று மைனி கேட்டாள். இருப்பது நம் மாவட்டத்தில், பராமரிப்பது கேரள அரசு, திங்கட்கிழமை விடுமுறை. தெரியாமல் வந்து வாசலில் நின்று திரும்புகிறவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

விடியும் முன்பே கன்னியாகுமரி. சூரிய உதயத்துக்கு இந்த மாதக் கணக்கெல்லாம் இல்லை, முனையிலிருந்து கிழக்குக் கரை சட்டென்று வடக்கே திரும்பிவிடுவதால் வருஷம் முழுவதும் கடலில்தான் உதயம். அம்மா கோயிலில் நிதானமாக நின்றாள். அண்ணன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றான்.

பிறகு படகு. எனக்கு வரிசையில் நிற்கப் பொறுமையில்லை, அம்மாவோடு நிழலில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்த அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு. இத்தனை வருஷம் வந்தும் இன்றைக்குத்தான் திருவள்ளுவர் சிலையின் காலடிக்குப் போயிருக்கிறான். முன்பெல்லாம் படகு விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிடும். கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ அலை அதிகமானாலோ, பாறைகள் அதிகமுள்ள வள்ளுவர் பக்கம் படகைக் கொண்டுபோக முடியாது. அவன் வரும்போதெல்லாம் அப்படித்தான் அமைந்தது. 2024 டிசம்பர் 30 அன்று 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைத் திறந்த பிறகு, ஒரு பாறையில் இறங்கினால் இன்னொன்றுக்கு நடந்து போகலாம். "சூரியனுக்கு முட்டம் போ, புது இடத்துக்குக் கன்னியாகுமரி வா. எல்லாம் தலைகீழா இருக்கு" என்றான்.

பத்தரை மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். அதற்கு மேல் அந்த வெயிலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே நிற்பது வதை.

மே 12, திங்கள்

ராஜாக்கமங்கலம் வழியாக முட்டம். நாலரைக்கே போய்விட்டோம், காரணம் இருக்கிறது. பழகிய கரையில் எந்தக் கல் வழுக்கும், அலை எதுவரை ஏறும் என்று காலுக்கே தெரியும். புதுக் கரையில் அது தெரியாது. மே மாதக் கடலை நம்பவும் கூடாது. தெற்கே வெகு தொலைவில் அடிக்கும் காற்றால் கிளம்பும் அலை, இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளில்கூடக் கரையேறி வரும். மீனவர்கள் கள்ளக்கடல் என்பது இதைத்தான். 2024 மே மாதம், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. அவர்களும் வெளியூரிலிருந்து வந்தவர்கள்.

ஆகவே முதல் கால்மணி நேரம் யாரையும் பாறையில் ஏற விடவில்லை. அலைகள் சின்னதும் பெரியதுமாகக் கூட்டம் கூட்டமாக வரும், நாலைந்தைப் பார்த்துவிட்டு அளவு சொல்ல முடியாது. பாறையில் ஈரம் எதுவரை இருக்கிறது, பாசி எதுவரை படர்ந்திருக்கிறது என்று பார்த்தோம். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "நனஞ்ச கல்லுக்குப் போவாதீங்க மக்களே. காஞ்ச கல்லுலயும் பின்னால தள்ளி இரிங்க" என்றார். வள்ளங்களை வழக்கத்தைவிட மேலே இழுத்து வைத்திருந்தால் கடலுக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். இன்றைக்கு அப்படி இல்லை.

ஆறரைக்குக் கொஞ்சம் மேல் சூரியன் இறங்கியது. அடிவானத்துக்கு மேல் ஒரு விரல் அளவு மேகம் இருந்ததால், கடைசித் துண்டு நீரைத் தொட்டதா மேகத்தில் போனதா என்று அண்ணனும் மைனியும் சண்டை போட்டார்கள். கரை வலது பக்கம் வெகுவாக ஒதுங்கி நிற்க, எதிரே முழுக்கக் கடல். மேப்பில் பார்த்தது சரிதான். கிழக்கே மூடாப்பு. சூரியன் போய் இருபது நிமிஷம் கழித்துத்தான் நிலா வெளியே வந்தது, அழிக்கால் பக்கத்துக் கரைக்கு வலப்பக்கமாக, கடல் மேலே.

திரும்பும்போது பிள்ளைகளுக்கு வழியில் சூடாக ரசவடை. அண்ணன் வண்டியில் பேசாமல் வந்தான். கேட்டதற்கு, "சூரியன் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தச் சங்குக் கடை, அந்தச் சத்தம், ஆளு நெரிசல், அதுவும் சேந்துதானே?" என்றான். இதற்கு என் மேப்பில் பதில் இல்லை. அவனுக்கு வேண்டியது காட்சி மட்டும் என்றால் முட்டம் போதும். அந்தத் தெருவும் வேண்டுமென்றால் அதே கல்லுக்குத்தான் போக வேண்டும், சூரியன் தெற்கே இருக்கும் மாதத்தில்.

மே 13, செவ்வாய்

ரயிலுக்கு முன்னால் மட்டிப்பழம் ஒரு குலை, நேந்திரம் சிப்ஸ், அம்மா கட்டிக் கொடுத்த மரச்சீனிக்கிழங்கு வற்றல்.

பிளாட்பாரத்தில் அண்ணன் பொங்கலைப் பற்றிப் பேசினான். ஜனவரியில் சூரியன் நன்றாகத் தெற்கே இருக்கும், கன்னியாகுமரியில் கடலிலேயே விழும். ஆனால் சபரிமலை சீசன், ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் பொங்கல் கூட்டமும் சேரும், அறை கிடைப்பது கஷ்டம். நம் வீடு இருக்கும்போது அறை எதற்கு என்று அம்மா கோபித்துக்கொண்டாள். கஷ்டம் ரயிலில்தான். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், ஆகவே நவம்பர் நடுவில் காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும். மைனி அலாரம் வைத்துக்கொண்டாள். சின்னவன் மட்டும் ஜூலையில் வரலாம் என்கிறான், தொட்டிப்பாலத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க.