போனஸ் கட் என்று சொல்லப் போகிறவர்கள் முதலில் கணக்கு ஷீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அந்த ஒரு பக்கக் கடிதத்தை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் வாரம். தீபாவளி அந்த மாதம் 31-ஆம் தேதி. சந்தை நிலவரம் சரியில்லாததால் இந்த வருடம் போனஸ் இல்லை என்று ஆங்கிலத்தில் நான்கு வரி. கீழே யார் கையெழுத்தும் கிடையாது. 'நோட்டீஸ் போர்டில் ஒட்டவும்' என்று மட்டும் எனக்குக் குறிப்பு. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எச்.ஆர். வேலை எனக்கு. ஒட்டவில்லை.

ஒட்டாததற்கு முதல் காரணம், அது உண்மையே இல்லை. எங்கள் யார்டில் வருடாவருடம் கொடுத்தது 20 சதவீதம். அதில் 8.33 சதவீதம் சட்டப்படியான போனஸ். மீதி 11.67 சதவீதம் எக்ஸ்கிரேஷியா, அதாவது கம்பெனி தன் விருப்பத்தில் கொடுப்பது. அப்போது நடப்பிலிருந்த 1965-ஆம் வருட போனஸ் சட்டப்படி, எங்களைப் போல் பல வருடமாக ஓடுகிற கம்பெனி, நஷ்டம் என்றாலும் அந்த 8.33-ஐக் கொடுத்தே ஆக வேண்டும். அதை ரத்து செய்ய எம்.டி.யாலும் முடியாது. அவர்கள் நிறுத்த நினைத்தது எக்ஸ்கிரேஷியாவை. ஆனால் வாங்குகிறவனுக்கு இரண்டும் ஒரே கவரில் வருவதால் எல்லாமே 'போனஸ்'தான். கடிதம் எழுதியவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

சரி, ஆளுக்கு எவ்வளவு வரும், எவ்வளவு வராது என்று பெயர்வாரியாக ஒரு ஷீட் கொடுங்கள் என்று அக்கவுன்ட்ஸில் கேட்டேன். "எதுக்கு மேடம்? பொதுவா சொல்லிடுங்க" என்றார் அங்கிருந்தவர். விடாமல் கேட்டதில் ஒரு வழியாக வந்தது. வந்த ஷீட்டில் எல்லோருக்கும் 6,997 ரூபாய்! மாதம் 7,000 என்று வைத்து 8.33 போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டம் சொன்னது 7,000 அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி, இதில் எது அதிகமோ அது. குறைந்தபட்சக் கூலி 7,000-ஐத் தாண்டி எத்தனையோ காலமாகிறது. எங்கள் லேபர் ஆட்களின் அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்ந்து 12,600. குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய தொகைதான் அது. அதற்குப் போட்டால் வருடத்துக்கு 12,595 வரும். முந்தைய வருடம் போல 20 சதவீதம் என்றால் இதே ஆளுக்கு வந்திருக்க வேண்டியது 30,240. இதுவே பெரிய அடி. அதோடு இன்னும் ஐயாயிரத்துச் சொச்சத்தைத் தெரியாமல் விழுங்கப் பார்த்தது அந்த ஷீட்.

இதைத் திருத்த வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. போனில் பேசியதெல்லாம் காற்றில் போனது. சட்டப் பிரிவை எழுதி மெயில் போட்டு, கம்பெனி வக்கீலுக்கும் நகல் வைத்த பிறகுதான் மறுநாளே புது ஷீட் வந்தது. நீங்களும் எழுத்தில் கேளுங்கள். வக்கீல் பெயரை 'சிசி'யில் பார்த்தால் கணக்குத் தானாகச் சரியாகிவிடுகிறது.

அதே வக்கீல்தான் இன்னொன்றையும் சொன்னார். வழக்கமாகக் கொடுத்து வந்த சலுகையை நிறுத்துவதென்றால், தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி 21 நாள் முன்னறிவிப்பு கேட்பார்கள், நோட்டீஸ் இல்லாமல் போகாதீர்கள் என்று. தேதியை எண்ணிப் பார்த்தால் தீபாவளிக்கு முன்னால் நூலிழையில்தான் இடம் இருந்தது. தமிழில் எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினேன். (2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. இப்போது செய்கிறவர்கள் பிரிவு எண்ணை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இதற்குள் செய்தி கசிந்துவிட்டது. எப்படி என்று தெரியும், சொல்ல வேண்டாம். நைட் ஷிப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் 'இந்த வருஷம் போனஸே கெடையாதாம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. எம்.சி. ரோட்டில் துணி எடுக்கக் கைமாற்று வாங்கியவர்கள், போனஸை நம்பி நகையை வைத்தவர்கள் எல்லாம் அதைப் படித்தாயிற்று.

கூட்டத்துக்கு முன்னால் சூப்பர்வைசர்களையும் கிரேன் ஆபரேட்டர்களையும் தனியாகக் கூப்பிட்டேன். பலர் கோட்டை விடுகிற இடம் இதுதான். அடிப்படையும் டி.ஏ.வும் சேர்ந்து மாதம் 21,000-ஐத் தாண்டியவர்களுக்கு அப்போதைய சட்டப்படி போனஸ் உரிமையே கிடையாது. இத்தனை வருடம் அவர்கள் வாங்கியது முழுக்க எக்ஸ்கிரேஷியா. ஆக, லேபருக்கு ஒரு பகுதி கட், இவர்களுக்குப் பூஜ்யம். அந்த நிலையில் இருப்பவரிடம் "உங்க ஆளுங்ககிட்ட நீங்க எடுத்துச் சொல்லுங்க" என்று விட்டால் என்ன சொல்வார்? ஷீட்டை அவர்கள் முன்னால் வைத்தேன். மூத்த ஆபரேட்டர் ஒருவர் தன் பெயருக்கு நேரே விரலை வைத்துக் கடைசிக் கட்டம் வரை நகர்த்திக்கொண்டே போனார். அங்கே ஒரு கோடு மட்டும் இருந்தது. "அப்ப எனக்கு ஒண்ணியும் இல்ல. அதானே மேடம்?" ஆமாண்ணே என்றேன். அதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை. 'கம்பெனி நல்லா இருந்தாத்தானே நாம' என்று ஆரம்பித்திருந்தால் எழுந்து போயிருப்பார், நியாயம்தான்.

பொதுக் கூட்டத்தை ஷிப்ட் மாறும் நேரத்தில் வைத்தேன். இரண்டு ஷிப்டும் ஒரே வாயிலிருந்து கேட்க வேண்டும். முதல் வாக்கியமாகச் சொன்னது: "8.33 சதவீதம் வருது, 25-ஆம் தேதி அக்கவுன்ட்ல விழும். எக்ஸ்கிரேஷியா இந்த வருஷம் இல்ல." அதற்குப் பிறகுதான் காரணம். காரணத்தையும் சந்தை, சூழல் என்று இழுக்காமல், ஒரு பெரிய கஸ்டமர் வேறு யார்டுக்குப் போனதைச் சொன்னேன். பாதி காலியாகக் கிடக்கிற யார்டு அவர்கள் தினமும் பார்ப்பதுதானே. அவரவர் தொகையை எழுதிய துண்டுச் சீட்டை அங்கேயே கையில் கொடுத்தோம். கூச்சல் அதில் பாதி அடங்கியது. எல்லோரும் சீட்டைப் பார்த்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மீதிப் பாதி அடங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: "மேல இருக்கறவங்களுக்கும் கட்டா, இல்ல எங்களுக்கு மட்டுமா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து தலைமை அலுவலகத்தில் முன்பே கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. "கேட்டிருக்கேன், இன்னும் சொல்லல. சொன்னதும் உங்ககிட்ட சொல்றேன்" என்றேன். சிலர் சிரித்தார்கள். அடுத்த வருடம் சேர்த்துக் கொடுப்பார்களா என்றும் கேட்டார்கள். தெரியாது என்றேன். பக்கத்தில் நின்ற மேனேஜர் 'பார்க்கலாம்' என்று வாயெடுத்தார், கையைக் காட்டி நிறுத்தினேன். அந்த ஒரு 'பார்க்கலாம்' அடுத்த தீபாவளிக்குள் வாக்குறுதி ஆகியிருக்கும்.

பண்டிகை அட்வான்ஸ் விஷயம் மட்டும் ஓரளவு ஜெயித்தது. ஆளுக்கு 15,000 வட்டியில்லாமல் கேட்டேன், 10,000-க்குச் சம்மதித்தார்கள். நவம்பர் சம்பளத்திலேயே பிடிக்க ஆரம்பிப்போம் என்றதை மாற்றி, பொங்கல் கழிந்து பிப்ரவரியிலிருந்து பத்துத் தவணை என்று எழுதி வாங்கினேன். போனஸ் உரிமை இல்லாத 21,000-க்கு மேற்பட்டவர்களுக்கும் அது உண்டு என்று தனியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அந்த வரி இல்லாத முதல் வரைவில் அவர்கள் விடுபட்டிருந்தார்கள்.

மேலே இருப்பவர்களைப் பற்றிய பதில் டிசம்பரில் வந்தது. அவர்களுடைய இன்சென்டிவும் பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை. அதையும் அப்படியே போர்டில் போட்டேன். மேனேஜர் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. மூத்த ஆபரேட்டர் மார்ச்சில் திருவொற்றியூர் பக்கம் வேறு யார்டுக்குப் போய்விட்டார். அட்வான்ஸ் பாக்கியைக் கடைசி செட்டில்மென்டில் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.