இருப்பாய்வு சரியாக வந்தது, தள்ளுபடிப் பத்தி தவறாக இருந்தது

கல்லூரியில் முப்பத்தி ரொக்க ஏடு போட்டுப் பழகியிருந்தேன். ஆனாலும் ஈரோட்டில் ஒரு துணி மொத்தக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்த பிறகுதான் அதன் தள்ளுபடிப் பத்தி எனக்குப் பிடிபட்டது. கடையில் கம்ப்யூட்டர் உண்டு. ஆனால் மூத்த கணக்கர், முதல் மாதம் கையால்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஏட்டின் இடப்பக்கம் பணம் வருவதை எழுதும் பற்றுப் பக்கம், வலப்பக்கம் பணம் போவதை எழுதும் வரவுப் பக்கம். (பெயர்கள் தலைகீழாகத் தோன்றுவதால் புதிதாக வருபவர்கள் இங்கேயே தடுமாறுவார்கள்.) இரண்டு பக்கத்திலும் தள்ளுபடி, ரொக்கம், வங்கி என்று மூன்று பத்திகள்.

மாதத் தொடக்கத்தில் கையில் 8,000 ரூபாய், வங்கியில் 45,000. ஐந்தாம் தேதி சேலத்துப் பார்ட்டி 20,000 ரூபாய் பாக்கிக்கு 19,600க்கு செக் கொடுத்தார். கெடுவுக்கு முன்னே கட்டியதால் 2 சதவீதம் தள்ளுபடி. இடப்பக்க வங்கிப் பத்தியில் 19,600, தள்ளுபடிப் பத்தியில் 400 என்று எழுதினேன். பேரேட்டில் அவர் கணக்கில் இரண்டையும் சேர்த்து 20,000 வரவு வைத்தேன். பவானிக்காரர் ஒருவர் 10,000க்கு 9,800 ரொக்கமாகக் கட்டினார், தள்ளுபடி 200. சோமனூர் விசைத்தறிக்காரருக்கு நாங்கள் தர வேண்டிய 30,000க்கு 29,100 செக் கொடுத்தோம். அவர் விட்டுக்கொடுத்த 900 வலப்பக்கத் தள்ளுபடிப் பத்தியில் ஏறியது. நடுவில் 12,000 ரொக்கத்தை வங்கியில் கட்டினோம். அது எதிர்ப்பதிவு: இடப்பக்கம் வங்கியில், வலப்பக்கம் ரொக்கத்தில். பேரேட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

பன்னிரண்டாம் தேதி சேலத்துச் செக் பணமில்லாமல் திரும்பி வந்தது. வந்ததை இடப்பக்கம் எழுதினோம், திரும்பியதை வலப்பக்கம் எழுதினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வலப்பக்கம் வங்கியில் 19,600, தள்ளுபடியில் 400 என்று எழுதி, பார்ட்டி கணக்கில் 20,000 பற்று வைத்தேன்.

மாதக் கடைசியில் ரொக்க இருப்பு 5,800, வங்கி இருப்பு 27,900. இரண்டும் கல்லாவோடும் பாஸ்புக்கோடும் ஒத்துப்போயின. தள்ளுபடிப் பத்திகளுக்கு இருப்புக் கட்டக் கூடாது, கூட்டல் மட்டும்தான் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒன்று நாம் கொடுத்தது, மற்றது நாம் பெற்றது. அதனால் இடப்பக்கக் கூட்டல் 600ஐ அளித்த தள்ளுபடிக் கணக்கில் பற்றாகவும், வலப்பக்கக் கூட்டல் 1,300ஐப் பெற்ற தள்ளுபடிக் கணக்கில் வரவாகவும் எடுத்து எழுதினேன். பேரேட்டின் பற்றும் வரவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் இருப்பாய்வு நயா பைசா வித்தியாசம் இல்லாமல் நின்றது.

கணக்கர் அதைப் பார்த்துவிட்டு, “கண்ணு, இந்த மாசம் எத்தனை பேர் நமக்குத் தள்ளுபடி குடுத்தாங்க?” என்று கேட்டார்.

“சோமனூர்க்காரர் ஒருத்தர்தானுங்க ஐயா.”

“எவ்வளவு?”

“தொள்ளாயிரமுங்க.”

“அப்புறம் ஆயிரத்து முந்நூறு எங்கிருந்து வந்துச்சு?”

அப்போதுதான் புரிந்தது. வலப்பக்கத் தள்ளுபடிப் பத்தியில் எது விழுந்தாலும் அது நாம் பெற்ற தள்ளுபடி என்றுதான் போய்ச் சேரும். நான் எழுதிய 400 யாரும் நமக்குக் கொடுத்ததல்ல; நாம் கொடுத்து, பிறகு செல்லாமல் போனது. உண்மையில் அளித்தது 200, பெற்றது 900. என் ஏட்டில் அளித்தது 600, பெற்றது 1,300. இரண்டிலும் நிகரம் அதே 700தான். அதனால்தான் இருப்பாய்வும் காட்டிக்கொடுக்கவில்லை, லாபமும் மாறியிருக்காது. தள்ளுபடிக் கூட்டலை பில், பார்ட்டி வாரியாக எடுத்து ஒப்பிட்டால்தான் இந்தப் பிழை அகப்படும்.

ஏட்டில் அந்த 400ஐச் சிவப்பு மையால் கோடிட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். கூட்டல் 900 ஆனது. பேரேட்டிலும் பெற்ற தள்ளுபடி 1,300ஐ 900 என்றும், பார்ட்டி கணக்கில் பற்று வைத்த 20,000ஐ 19,600 என்றும் திருத்தினேன். செக் திரும்பிய 19,600 ரொக்க ஏட்டிலேயே இருந்தது. தள்ளுபடி ரத்தை மட்டும் உரிய குறிப்பேட்டில் தனியாக எழுதினேன்: சேலத்துப் பார்ட்டி கணக்குப் பற்று 400, அளித்த தள்ளுபடிக் கணக்கு வரவு 400. பார்ட்டி பாக்கி மறுபடி 20,000 ஆனது. இதில் 400ஐ விட்டுவிட்டால் அவர் 19,600 மட்டும் கட்டிவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. கடைக்காரருக்கு அது நேரடி நஷ்டம்.

அடுத்த மாதம் அவரே நேரில் வந்து ரொக்கமாகக் கட்டினார். கெடு தாண்டிவிட்டதால் தள்ளுபடி கிடையாது. இடப்பக்கம் ரொக்கப் பத்தியில் 20,000 எழுதி, தள்ளுபடிப் பத்தியை வெறுமனே விட்டேன்.