குவியத்துக்கு உள்ளே பொருள் இருந்தால் கதிர்ப்படம் வரைவது எப்படி?

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் குவிலென்சு கதிர்ப்படத்துக்கு எனக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. பொருள் குவியத்துக்கும் லென்சுக்கும் நடுவே இருக்கும் படம் அது. லென்சைத் தாண்டிய இரண்டு கதிர்களும் சந்திக்கவே இல்லை. தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று பயந்து, ஒன்றைக் கொஞ்சம் சாய்த்து வலப்பக்கம் சேர்த்துவிட்டேன்.

அது ஏன் தப்பு என்பது கோத்தகிரியில் எங்கள் பள்ளி ஆய்வகத்தில்தான் புரிந்தது. மேகம் விலகிய ஒரு காலையில் ஜன்னலுக்கு எதிரே லென்சைப் பிடித்தோம். எதிர்ச்சரிவின் தேயிலையும் சில்வர் ஓக் மரங்களும் வெள்ளைத்தாளில் தலைகீழாக விழுந்தன. லென்சுக்கும் தாளுக்கும் இடையே 10 செ.மீ. மரங்கள் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் அதையே குவியத் தொலைவாக எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் அறையை இருட்டாக்கி மெழுகுவர்த்தி ஏற்றினோம். 15 செ.மீ. தூரத்தில் வைத்தபோது, மறுபக்கம் 30 செ.மீ. தள்ளி இரண்டு மடங்கு உயரமான சுடர் தலைகீழாகக் கிடைத்தது. 7 செ.மீ. வரை நெருக்கியதும், தாளை எங்கே நகர்த்தினாலும் மங்கிய வெளிச்சம்தான். தாளை எடுத்துவிட்டு லென்சின் வழியே பார்த்தால், சுடர் நேராக, பெரிதாகத் தெரிந்தது.

இதைத்தான் தாளில் வரைய வேண்டும். குவியத் தொலைவு 3 செ.மீ., பொருளின் உயரம் 1 செ.மீ., லென்சிலிருந்து தூரம் 2 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். லென்சுக்கான நேர்க்கோட்டை அச்சுக்கு மேலே 4 செ.மீ. வரையாவது நீட்டுங்கள். கதிர்கள் அந்தக் கோட்டில்தான் திரும்ப வேண்டும், லென்சின் விளிம்பில் அல்ல.

பொருளின் உச்சியிலிருந்து அச்சுக்கு இணையாகப் போகும் கதிர், லென்சைக் கடந்ததும் வலப்பக்கக் குவியத்தின் வழியே இறங்கும். ஒளி மையத்தின் வழியே போகும் கதிர் திரும்பாமல் நேராக இறங்கும். இரண்டாவது கூடுதல் சரிவாக இறங்குவதால் போகப்போக இடைவெளி அதிகமாகும். விரியட்டும், விட்டுவிடுங்கள். இப்போது அளவுகோலை அதே கோடுகளின் மேல் வைத்து, இடப்பக்கமாகப் புள்ளிக்கோட்டில் நீட்டுங்கள். லென்சிலிருந்து 6 செ.மீ. தூரத்தில், அச்சுக்கு மேலே 3 செ.மீ. உயரத்தில் இரண்டும் சந்திக்கும். அதுதான் மாய பிம்பத்தின் உச்சி. பிம்பத்தையும் புள்ளிக்கோட்டிலேயே போடுங்கள். அம்புக்குறி உண்மையான கதிர்களுக்கு மட்டும்.

சரி பார்க்க மூன்றாவது கதிர் ஒன்று உண்டு. இடப்பக்கக் குவியத்தையும் பொருளின் உச்சியையும் சேர்த்து லென்சு வரை கோடு இழுத்தால், அது 3 செ.மீ. உயரத்தில் லென்சைத் தொட்டு, அங்கிருந்து அச்சுக்கு இணையாகப் போகும். பின்னோக்கி நீட்டினால் அதே உச்சியைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் பெரும்பாலும் முதல் கதிர் இணையாக இருக்காது; மூலைமட்டம் வைத்துத் திரும்பப் போடுங்கள்.

தூரத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் குவியத்தை ஒட்டி வைக்காதீர்கள். இதே படத்தில் 2.7 செ.மீ. என்று வைத்தால் பிம்பம் 27 செ.மீ. தள்ளிப் போய்விடும், தாள் பத்தாது.